வெயில் நம் சாக்கடையைக் காப்பாற்றாது

கழிவுநீர் பற்றிய கல்விசார் உரையாடல்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. உணவகச் சமையலறையின் கொழுப்பு சாக்கடையை அடைப்பது குளிர்நாட்டு நோய். நம் நாட்டில் எண்ணெய் உறைவதே இல்லை. ஆகவே ஒவ்வோர் ஓட்டலும் கிரீஸ் டிராப் வைக்க வேண்டும் என்பது மேலைநாட்டிலிருந்து அப்படியே பெயர்த்தெடுத்த விதி. இதைச் சொல்பவர்கள் ஓட்டல் முதலாளிகள் மட்டும் அல்லர். சுற்றுச்சூழல் அறிவியல் பயின்றோரும் சொல்கிறார்கள். கோட்டுகாலில் இருந்துகொண்டு இத்துறையில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் இவ்வாதத்தை முழுமையாக மறுக்க விரும்புகிறேன். இது வேதியியலின்படி பிழையானது. இதன் விலையைக் கொடுப்பவர்களோ இவ்வாதத்தைப் பேசும் அவைகளில் ஒருநாளும் இடம்பெறாதவர்கள்.

இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது எளிது. 2017 செப்டம்பரில் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில், விக்டோரியா காலத்துச் சாக்கடை ஒன்றினுள் 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட கொழுப்புத் திரள் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் ஒரு துண்டை லண்டன் அருங்காட்சியகம் மறு ஆண்டு காட்சிக்கு வைத்தது. பனிப்பாறையை நினைவூட்டும் ‘ஃபேட்பெர்க்’ என்ற பெயரும், அதனோடு சேர்ந்து குளிரும் நம் மனத்தில் பதிந்துவிட்டன. சூடான எண்ணெய் குளிர்ந்த குழாயில் பட்டு, மெழுகுபோல் உறைந்து அடைத்துக்கொள்கிறது என்று எண்ணத் தொடங்கினோம். உறைதல் ஒரு காரணம்தான். ஆனால் அந்தத் திரளைக் கடப்பாரையால் உடைக்க வேண்டியிருக்கும் அளவுக்கு இறுக்குவது உறைதல் அன்று.

சாக்கடையில் படியும் அந்தக் கடினப் பொருளின் பெரும்பகுதி சவர்க்காரம். இது உவமை அன்று. உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளித்தவர்களுக்கு அனுபவம் இருக்கும்: நுரை வராது, வாளியின் விளிம்பில் வெள்ளைப் பிசுக்கு ஒட்டும், வெந்நீர் ஊற்றினாலும் அது போகாது. கடின நீரிலுள்ள கால்சியம் சோப்பிலுள்ள கொழுப்பமிலத்தோடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் சவர்க்காரமாக மாறியதே அந்தப் பிசுக்கு. சாக்கடையில் நடப்பதும் இதே வினைதான். கொழுப்பமிலம் சமையலறையிலிருந்து வருகிறது. கால்சியம் கழிவுநீரிலிருந்தும் கான்கிரீட் குழாயின் உடலிலிருந்தும் வருகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதனை ஆய்வகத்தில் செய்தே காட்டினர். கிரீஸ் டிராப்பிலிருந்து வெளியேறிய நீரோடு கால்சியம் உப்பைச் சேர்த்து அவர்கள் உருவாக்கிய படிவின் அகச்சிவப்பு நிறமாலை, சாக்கடையிலிருந்து எடுத்த படிவின் நிறமாலையை ஒத்திருந்தது. கால்சியம் சவர்க்காரம் 28 பாகையில் உருகாது. 40 பாகையிலும் உருகாது. நம் கோடை முழுவதையும் அந்தக் குழாய்க்குள் ஊற்றினாலும் அது அசையாது.

வெப்பம் நம்மைக் காப்பாற்றவில்லை என்பதோடு இது முடிவதில்லை. வெப்பம் இந்த வினைக்குத் துணை செய்கிறது. எண்ணெய் அப்படியே கால்சியத்தோடு சேர்வதில்லை. முதலில் அது பிளந்து, தனிக் கொழுப்பமிலம் விடுபட வேண்டும். உணவுப்பொருளின் ஈரத்தோடு 170, 180 பாகையில் மீண்டும் மீண்டும் பொரிக்கும்போது இப்பிளவு வாணலியிலேயே தொடங்குகிறது. பிறகு தொட்டியிலும் குழாயிலும் நுண்ணுயிரிகள் அதைத் தொடர்கின்றன. வெதுவெதுப்பான நீரில் அவை விரைவாக வேலை செய்கின்றன. அடுத்து கால்சியம். தேங்கிய கழிவுநீரில் உயிர்வளி தீர்ந்ததும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அது குழாயின் ஈரமான மேற்சுவரில் நுண்ணுயிரிகளால் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரிக்கிறது. அரித்த கான்கிரீட்டிலிருந்து கால்சியம் கசிகிறது. வெப்பநாட்டுச் சாக்கடையில் இந்த வாயு குளிர்நாட்டைவிட எளிதாக உண்டாகும். ஆக, சவர்க்காரத்தின் இரு மூலப்பொருள்களையும் நம் வெயில் தாராளமாக வழங்குகிறது.

நாம் எதில் பொரிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கோவளம் தொடங்கிப் பூவாறு வரையுள்ள கடைகளில் புரோட்டாக் கல்லுக்கும் பொரிப்புச் சட்டிக்கும் பெரும்பாலும் பாமாயில்தான் பயன்படுகிறது. அது இவ்வெப்பநிலையில் திரவமாகத் தெரிவதால் குற்றமற்றதாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பால்மிட்டிக் அமிலம். எண்ணெயிலிருந்து பிரிந்து தனியானபின் இவ்வமிலம் உருக 63 பாகை வேண்டும். சாக்கடைப் படிவுகளைப் பகுத்தாய்ந்தவர்கள் அவற்றில் மிகுதியாகக் கண்ட அமிலங்களுள் முதன்மையானதும் இதுவே. தேங்காயெண்ணெய் 24 பாகைக்கு மேல் திரவமாக இருக்கும். மாட்டுக்கொழுப்போ 40 பாகையைத் தாண்டினால்தான் உருகும். பீஃப் வறுவல் சட்டியைக் கழுவிய நீர் நம் ஊர் வெப்பத்திலேயே வெண்மையாக உறைவதை எந்தச் சமையற்காரரும் அறிவார்.

இனி அடைப்பு எப்படிப் பெருக்கெடுப்பாக மாறுகிறது என்பதைப் பார்ப்போம். கழிவுநீர்க் குழாய் தன் சரிவை நம்பி ஓடுவது. முழுக்க நிரம்பி ஓடுவதற்காக அது அமைக்கப்படவில்லை. மேற்பகுதியில் காற்றுக்கு இடம் விட்டே கணக்கிடப்படுகிறது. நீர்மட்டம் ஏறி இறங்கும் கோட்டில், இணைப்பு விலகிய இடத்தில், மரவேர் நுழைந்த இடத்தில், சரிவு குறைந்த இடத்தில் சவர்க்காரம் முதலில் மெல்லிய படலமாக ஒட்டுகிறது. அந்தச் சொரசொரப்பில் துணியும் முடியும் சோற்றுப் பருக்கையும் சிக்குகின்றன. குழாய் குறுகக் குறுக மேற்பகுதியில் நீர் தேங்குகிறது. தேக்கம் மேலும் வாயுவை உண்டாக்குகிறது. வாயு மேலும் கால்சியத்தை விடுவிக்கிறது. கடைசியில் நீர் தாழ்வான ஆள்நுழைவுக் குழியின் மூடியையோ, தாழ்வான வீட்டின் கழிப்பறைப் பீங்கானையோ தேடி மேலே வருகிறது. மழைநாளில் சாக்கடை பொங்கினால் மழைநீர் கலந்ததாகக் கருதலாம். மழையற்ற நாளில், அதுவும் உணவு நேரம் முடிந்து பாத்திரம் கழுவும் வேளையில் ஒரே இடத்தில் பொங்கினால், அங்கே முதலில் ஐயுற வேண்டியது கொழுப்பு அடைப்பையே.

“கோட்டுகாலில்தான் பாதாளச் சாக்கடையே இல்லையே” என்று கேட்பார்கள். உண்மை. தலைநகரின் ஒரு பகுதிக்கு மட்டுமே அந்த வலையமைப்பு உண்டு. அதன் நீர் முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் கிராமங்களில் ஓட்டல் நீர் அவரவர் மனையிலுள்ள தொட்டிக்கும் உறிஞ்சுகுழிக்கும் போகிறது. இங்கே கொழுப்பு செய்யும் கேடு இன்னும் அண்மையில் நிகழ்கிறது. உறிஞ்சுகுழி வேலை செய்வது அதைச் சுற்றியுள்ள மண்ணின் நுண்துளைகளால். சௌவரை, அடிமலத்துறைக் கடற்கரை மணலானாலும் உள்நாட்டுச் செம்பாறை மண்ணானாலும், கொழுப்புப் பிசுக்கு படிந்த துளை மீண்டும் நீரை எளிதில் விடுவதில்லை. குழி நிறைகிறது; நீர் சாலையோர ஓடைக்கு வழிகிறது; அடுத்த வளவின் கிணறு அதை வாங்கிக்கொள்கிறது. புதுக் குழி தோண்டினால் அதுவும் அடைகிறது. சாக்கடை இல்லாத ஊருக்குக் கொழுப்பைத் தடுக்கும் தேவை குறைவு என்பது நேர்மாறான முடிவு. இங்கே அடைந்துபோவது மண். மண்ணைக் கழுவ எந்த இயந்திரமும் இல்லை.

அடைந்த தொட்டிக்குள் யாரோ இறங்குகிறார்கள். 2019 ஜூன் மாதம் குஜராத்தின் வடோதரா மாவட்டத்தில், தபோய் அருகே ஓர் ஓட்டலின் கழிவுத்தொட்டியில் 7 பேர் மாண்டனர். முதலில் இறங்கிய துப்புரவுத் தொழிலாளி வெளியே வரவில்லை. அவரைத் தேடி மற்றவர்கள் இறங்கினர். ஓட்டல் ஊழியர் மூவரும் அவர்களில் அடங்குவர். அது பெருநகரச் சாக்கடை அன்று. நம் ஊரில் இருப்பதைப் போன்ற மனைத்தொட்டி. கான்கிரீட்டை அரிக்கும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் இத்தகைய தொட்டிகளில் மனிதரையும் கொல்லும் முதன்மையான வாயு. செறிவு கூடும்போது அது மூக்கின் நுகரும் ஆற்றலையே மழுங்கடித்துவிடுவதால் நாற்றம் எச்சரிக்கும் என்று நம்பி இறங்க முடியாது. மனிதரைக் கையால் கழிவு அள்ள வைப்பதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. இத்தகைய இறப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஆணையிட்டது. ஆனால் சட்டத்தின் பார்வை தொட்டியின் வாயில் தொடங்குகிறது. தொட்டி ஏன் இத்தனை விரைவில் அடைந்தது என்ற கேள்வியைச் சமையலறையின் பாத்திரம் கழுவும் தொட்டியருகே சென்று கேட்க வேண்டும்.

அங்கேதான் கிரீஸ் டிராப் வருகிறது. அதன் தத்துவம் எளியது: ஓடும் நீரைச் சற்று நேரம் அமைதியாக நிற்க வைத்தால் எண்ணெய் மேலே ஏறும், சோறும் எலும்பும் அடியில் தங்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் தடுப்பின் கீழ் நுழைந்து வெளியேறும். எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். பாத்திரம் கழுவும் தொட்டி 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம் உள்ளதாகக் கொள்வோம். முக்கால் அளவு நிறைந்தால் ஏறத்தாழ 60 லிட்டர். அடைப்பைத் திறந்து 2 நிமிடத்தில் வடிந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர். இரண்டு தொட்டிகள் ஒன்றாக வடிந்தால் 60 லிட்டர். வெளியே 90 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீராழமும் கொண்ட கிரீஸ் டிராப் இருந்தால் அது 216 லிட்டர் கொள்ளும். அதாவது நீர் அதில் நிற்பது மூன்றரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம்.

அந்த நேரம் போதுமா என்பது எண்ணெய்த் துளியின் அளவைப் பொறுத்தது. துளியின் விட்டம் பாதியானால் அது ஏறும் வேகம் கால்பங்காகும். 0.3 மி.மீ. துளி 40 செ.மீ. உயரம் ஏற ஒன்றேகால் நிமிடம் போதும், அது பிடிபடும். 0.15 மி.மீ. துளிக்கு ஏறத்தாழ 5 நிமிடம் வேண்டும். ஒரு பகுதி தப்பும். பாத்திரம் கழுவும் திரவத்தையும் கொதிநீரையும் சேர்த்து அடித்து 0.015 மி.மீ. அளவுக்குச் சிதறடித்த துளிக்கு 8 மணி நேரம் தேவை. அது ஒருபோதும் பிடிபடாது. ஆகவே “நன்றாகச் சோப்பும் வெந்நீரும் ஊற்றிக் கழுவுகிறோம், ஒன்றும் ஒட்டாது” என்பவர் கொழுப்பை அழிக்கவில்லை; கிரீஸ் டிராப்பைக் கடந்து செல்லும்படி அதைப் பொடியாக்குகிறார். குழாயில் காஸ்டிக் சோடா ஊற்றுவதும் அத்தகையதே. அது கரையும் சவர்க்காரத்தை உண்டாக்கி அப்புறப்படுத்துகிறது. சற்றுத் தொலைவில் கால்சியம் அதைக் கரையாத சவர்க்காரமாக்குகிறது. அடைப்பு நம் வாசலிலிருந்து அயலாரின் வாசலுக்கு இடம்பெயர்ந்ததே மிச்சம்.

இப்போது இவ்விவாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். கிரீஸ் டிராப் வைத்துவிட்டோம் என்பதை நம் நிர்வாகம் முடிவாகக் கருதுகிறது. அது தொடக்கம் மட்டுமே. மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கிய வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கை எட்டியதும் தொட்டியைக் காலிசெய்ய வேண்டும் என்பது பல நாடுகளில் வழங்கும் நடைமுறை. நம் 216 லிட்டர் தொட்டியில் கால்பங்கு 54 லிட்டர். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கொழுப்பும் 2 லிட்டர் உணவுத்துணுக்கும் வருவதாகக் கொண்டால் 15 நாளில் அந்த எல்லை வந்துவிடும். தட்டையும் சட்டியையும் கழுவுவதற்கு முன்பே வழித்துக் குப்பையில் போட்டு, துணுக்கை அரை லிட்டராகக் குறைத்தால் 27 நாள் தாங்கும். எந்தக் கருவியும் வாங்காமல் வெறும் வழிப்புக் கரண்டியால் கிடைக்கும் ஆதாயம் இது. மூன்று மாதம் தொடாமல் விட்டால் தொட்டியில் நீர் நிற்க இடமே இராது. வந்தது வந்தபடி வெளியேறும். அதைவிடக் கேடு, அங்கே அழுகும் கொழுப்பு தனிக் கொழுப்பமிலத்தை விடுவித்துக்கொண்டே இருக்கும். சாக்கடைச் சவர்க்காரத்துக்கு வேண்டிய மூலப்பொருள் அதுவே. துப்புரவு செய்யாத கிரீஸ் டிராப் பயனற்றது என்று மட்டும் சொல்வது போதாது. அது அடைப்புக்கான உலை.

இதைக் கண்டறிய ஆய்வகம் வேண்டாம். மூடியைத் திறந்து ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் கொழுப்பு, நீர், வண்டல் மூன்றும் அடுக்காகத் தெரியும். வெளியேறும் அறையில் கொழுப்பு மிதந்தால் தொட்டி எல்லை கடந்துவிட்டது. மாதந்தோறும் திறப்பதாகப் பதிவேடு சொல்லும்போது மூடியின் திருகாணி துருவேறி இறுகியிருந்தால் பதிவேட்டை நம்ப வேண்டியதில்லை. காலிசெய்த தொட்டியில் நல்ல நீரை நிரப்பாமல் பயன்படுத்தத் தொடங்குவதும் வழக்கமான பிழை. நீர் இல்லாவிட்டால் முதலில் வரும் கொழுப்பு தடுப்பின் அடியாக நேரே ஓடிவிடும். கழிப்பறை நீரை இத்தொட்டியில் இணைக்கவே கூடாது. கொழுப்பைத் தின்னும் நுண்ணுயிரிப் பொடி என விற்கப்படுவதைத் துப்புரவுக்கு மாற்றாகக் கொள்ளவும் கூடாது. பிளந்த கொழுப்பு மறைவதில்லை, பெரும்பாலும் குழாயோடு கீழே போகிறது.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி பொதுச் சாக்கடைக்குள் விடும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைக்கு வரம்பு 10. பொரித்த எண்ணெயைப் பற்றியும் விதி உண்டு: அதன் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது, அந்த எண்ணெயை உயிரி டீசலுக்குத் திரட்டும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது. சட்டி எண்ணெய்க்கு விலை உண்டு என்பதால் அது கேனில் சேர்கிறது. கிரீஸ் டிராப்பின் சேற்றுக் கொழுப்பில் நீரும் வண்டலும் கலந்திருப்பதால் அதை வாங்க ஆளில்லை. ஆகவே அது இரவில் ஓடைக்குப் போகிறது. விலை இல்லாத கழிவுக்கு விதி மட்டும் போதாது; அது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற சான்று வேண்டும். ஆண்டு முழுவதும் கொதித்துக்கொண்டிருக்கும் சிங்கப்பூரில் உணவுக்கடைகளுக்குக் கிரீஸ் டிராப் கட்டாயம். அதன் கழிவை உரிமம் பெற்ற அகற்றுநரே எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்நாட்டு விதி என்ற வாதத்துக்கு அந்த வெயில் நகரம் ஒன்றே போதுமான மறுமொழி.

எஞ்சுவது செலவு என்ற வாதம். இதனை நான் இகழவில்லை. நான்கு பெஞ்சு போட்ட தட்டுக்கடைக்காரர் மாதம் இருமுறை லாரி அழைக்க முடியாது. ஆனால் அவரை முன்னிறுத்தி, நூறு பேர் ஒரே நேரத்தில் உண்ணும் விடுதிச் சமையலறைகள் ஒளிந்துகொள்வதை ஏற்க இயலாது. கேரளத்தின் ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனை வீடுவீடாகச் சென்று பிளாஸ்டிக்கைச் சேகரித்து, அதற்குப் பயனர் கட்டணம் பெறுகிறது. அதே முறையில் ஊராட்சிகள் கூட்டாக ஓர் உறிஞ்சுவண்டியை அமர்த்தி, சாலை வழியே முறைவைத்து எல்லாக் கடைகளின் தொட்டியையும் காலிசெய்யலாம். கட்டணத்தை இருக்கை எண்ணிக்கைப்படி நிர்ணயிக்கலாம். மூடிக்கு மேலே நின்று குழாயை இறக்கி உறிஞ்சும் இவ்வேலையில் எவரும் எதனுள்ளும் இறங்க வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். உணவக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது “கிரீஸ் டிராப் உண்டா” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “சென்ற ஆண்டு அதிலிருந்து எத்தனை கிலோ எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், எங்கே ஒப்படைத்தார்” என்று கேளுங்கள். இருக்கைக்கும் எடைக்கும் பொருத்தமில்லாத கணக்கு தானே காட்டிக்கொடுத்துவிடும். மாணவ நண்பர்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி விடுதிச் சமையலறையின் பின்புறம் சென்று அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க முடியவில்லை என்றால் அதையே முதல் தரவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.